பூரட்டாதியா, சதயமா?

கல்யாணம் பேசி முடித்து நாளும் குறித்த பிறகுதான் மாப்பிள்ளை ஜாதகத்தை நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் பல ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும். ஆனால் பார்த்ததில் ஒரு நிஜமான பிழை கிடைத்தது, அதற்குப் பின்னால் பிழை என்றே சொல்ல முடியாத ஒரு சந்தேகமும் கிடைத்தது. இரண்டையும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நானே வைத்துக்கொண்டு திண்டாடினேன். இன்று ஓரளவு தெளிந்துவிட்டது, அதனால் நடந்ததை வரிசையாக நோட்டில் எழுதி வைக்கிறேன். என்னோடு ஞாயிற்றுக்கிழமை ஜோதிட வகுப்புக்கு வருகிற பெண்களுக்கும் இதைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இது யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

நாங்கள் காரைக்குடிப் பக்கம், அவர்கள் தேவகோட்டை. எங்கள் பக்கத்தில் பொதுவாக ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை, எங்களுக்குக் கோவில் வேறு என்பதால் அந்தத் தடை இல்லை, இரண்டு வீட்டிலும் பெரியவர்களுக்குள் பழக்கம் உண்டு. ஜாதகம் வந்தவுடன் என் அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, அதை எங்கள் குடும்ப ஜோசியரிடம் கொண்டுபோனார். நான் திருவாதிரை, மிதுன ராசி. அவர் பூரட்டாதி முதல் பாதம், கும்ப ராசி. ஜோசியர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பத்துப் பொருத்தத்தில் ஏழுக்குக் குறையவில்லை, ஆயுளுக்குப் பார்க்கிற ரஜ்ஜுப் பொருத்தமும் தட்டவில்லை, தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வகுப்பில் அந்த மாதம் திருமணப் பொருத்தம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இருக்கும் யாராவது இரண்டு பேர் ஜாதகத்தை எடுத்துக் கணித்துக்கொண்டு வாருங்கள் என்று வாத்தியார் சொன்னார். ஆத்தா அப்பச்சி ஜாதகத்தை எல்லோரும் செய்வார்கள், நாம் நம்முடையதையே செய்வோமே என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த ஜாதக நோட்டின் நகலை எடுத்தேன். முதல் பக்கத்தில், கோலாலம்பூரில் ஜனனம், கார்த்திகை மாதம், வளர்பிறை அஷ்டமி, விடியற்காலை மணி 5.20, உதயாதி நாழிகை 57 விநாடி 30 என்று எழுதியிருந்தது. அந்த 57, 30இல்தான் என் கண் நின்றது.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உதயாதி நாழிகை என்றால் சூரிய உதயத்திலிருந்து எத்தனை நாழிகை கழித்துக் குழந்தை பிறந்தது என்ற கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60 நாழிகை. 57 நாழிகை 30 விநாடி என்றால் அடுத்த உதயத்துக்கு இரண்டரை நாழிகை, அதாவது ஒரு மணி நேரம் பாக்கி. 5.20க்குப் பிறந்த குழந்தைக்கு உதயம் ஒரு மணி நேரத்தில் என்றால் உதயம் 6.20. கார்த்திகை மாதத்தில் காரைக்குடியில் 6.20க்குச் சூரியன் வரும், சரி. ஆனால் கோலாலம்பூரில் அந்த மாதத்தில் ஏழு மணிக்குத்தான் விடியும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எழுதியவர் கோலாலம்பூர் கடிகார நேரத்தை அப்படியே எடுத்துக் காரைக்குடி உதயத்தோடு கழித்திருக்கிறார். பிறந்த ஊரைப் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார், அதுதான் வேடிக்கை.

அங்கே 5.20 என்றால் இங்கே 2.50. இதைக் கழித்துப் பார்த்தவுடனே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது, ஏனென்றால் பூரட்டாதிக்கு முந்தின நட்சத்திரமான சதயம் அன்றைக்கு எப்போது முடிந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. போனில் இருந்த ஜாதக மென்பொருளில் ஊரைக் கோலாலம்பூர் என்று கொடுத்து, நேர மண்டலம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால் என்று சரிபார்த்துப் போட்டேன். (இதைச் சரிபார்க்காவிட்டால் சில மென்பொருள்கள் ஊரை மாற்றினாலும் நேரத்தை இந்தியக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும், கவனம்.) சதயம் நம்முடைய நேரப்படி அதிகாலை 3.40 வரை இருந்தது என்று வந்தது. அவர் பிறந்தது 2.50. ஆக அவர் பூரட்டாதி இல்லை, சதயம் நாலாம் பாதம். ராசி அதே கும்பம்தான். லக்னம் மட்டும் விருச்சிகத்திலிருந்து துலாத்துக்குப் போய்விட்டது, லக்னத்திலிருந்து எண்ணுகிற செவ்வாய் தோஷம் போன்றவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

நட்சத்திரம் ஒன்று தள்ளினால் என்ன ஆகும்? திருவாதிரையிலிருந்து எண்ணினால் பூரட்டாதி இருபதாவது. ஒன்பதால் வகுத்தால் மீதி இரண்டு, தினப் பொருத்தம் உண்டு. சதயம் பத்தொன்பதாவது, மீதி ஒன்று, பொருத்தம் இல்லை. பூரட்டாதி என்னைப் போல மனுஷ கணம், சதயம் ராட்சச கணம். மாகேந்திரம் மட்டும் புதிதாக வந்து சேர்கிறது. இதெல்லாம்கூடப் போகட்டும். ரஜ்ஜு இருக்கிறதே. பூரட்டாதி உதர ரஜ்ஜு, திருவாதிரை கண்ட ரஜ்ஜு, வேறு வேறு, தொல்லை இல்லை. சதயமோ கண்ட ரஜ்ஜு. கண்டம் என்றால் கழுத்து, இரண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜு வந்தால் பொருத்தம் இல்லை. ஏறுமுகம் ஒன்று இறங்குமுகம் ஒன்று என்றால் விடலாம் என்று ஒரு விதிவிலக்கு சொல்வார்கள், அதையும் பார்த்தேன். திருவாதிரையும் இறங்குமுகம், சதயமும் இறங்குமுகம். அந்தக் கதவும் சாத்திவிட்டது.

கண்ட ரஜ்ஜு தட்டினால் பெண்ணுக்கு ஆயுள் பங்கம் என்று நூல் சொல்கிறது. பாடமாகப் படிக்கும்போது ஒரு வரி, மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம். அந்தப் பெண் நானாக இருக்கும்போது அது ஒரு வரியாக இல்லை. அன்றைக்கு ராத்திரி பட்டாலையில் படுத்துக்கொண்டு மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் ஒரு பக்கம், பயப்படுவதற்கு வெட்கம் இன்னொரு பக்கம். இதைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், சொல்லாமல் கட்டிக்கொண்டால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இதுதான் நினைவுக்கு வரும். இன்னொன்றும் உண்மையாக எழுதுகிறேன், அவர் மேலேயே ஒரு கோபம் வந்தது. அவர் என்ன செய்தார் பாவம், பிறந்தார்.

தாங்க முடியாமல் ஆத்தாவிடம் மட்டும் சொன்னேன். ஆத்தா அப்பச்சிக்குத் தெரியாமல் என்னை வேறொரு ஜோசியரிடம் கூட்டிப்போனார். அவர் யார், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு நோட்டைப் புரட்டினார், பிறந்த நேரம் எப்படிக் கணித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களாகவே சதயமாக இருக்குமோ என்று சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டார். ரஜ்ஜு தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு, ஹோமம், கட்டு, எல்லாம் சேர்த்து 27,000 ஆகும் என்றார். ஆத்தா பயத்தில் கையில் இருந்த 5,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்துவிட்டார். அந்தப் பணம் திரும்பி வரவில்லை, வராது. நட்சத்திரம் எது என்றே உறுதி செய்யாதவர் எந்த நட்சத்திரத்துக்குப் பரிகாரம் செய்வார் என்று வெளியே வந்து பஸ்சில் ஏறிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. யாராவது பரிகாரம் என்று ஆரம்பித்தால் முதலில் இதைக் கேளுங்கள்: எந்த நேரத்தை வைத்து, எந்தப் பஞ்சாங்கத்தில், நட்சத்திரம் முடிவு எத்தனை மணி என்று எடுத்தீர்கள்? பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

எந்தப் பஞ்சாங்கம் என்ற கேள்விதான் அடுத்த சிக்கலைக் கொண்டு வந்தது. எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஐயா காலத்துப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. அதில் வருஷா வருஷம் வாங்கிய பஞ்சாங்கங்களைக் கணக்குப் புத்தகங்களோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். மேலே இருந்தவை ஓரம் பொடிந்து, வெள்ளிப் பூச்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிறந்த வருஷத்துப் பஞ்சாங்கம் நடுவில் இருந்ததால் பிழைத்திருந்தது. கார்த்திகை மாதப் பக்கத்தை எடுத்தால், அந்த நாளுக்குச் சதயம் 50 நாழிகை என்று போட்டிருந்தது. உதயம் 6.20 என்று வைத்தால் 50 நாழிகை என்பது இருபது மணி நேரம், அதாவது அதிகாலை 2.20. அவர் பிறந்தது 2.50. அப்படியானால் பூரட்டாதிதான்! மென்பொருள் 3.40 என்கிறது, ஐயாவின் பஞ்சாங்கம் 2.20 என்கிறது, பையன் நடுவில் பிறந்திருக்கிறான்.

ஐயா வாங்கியது வாக்கியப் பஞ்சாங்கம், மென்பொருள் திருக்கணிதம். வாக்கியம் என்பது சந்திரன் எந்த நாளில் எங்கே இருக்கும் என்பதைச் சொற்களுக்குள் எண்ணாக ஒளித்து வைத்த பழைய கணக்கு, சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றுவது. சனிப்பெயர்ச்சி வரும்போதெல்லாம் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரிய வரும். கும்பத்துக்குச் சனி வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் வாக்கியம்தான். சனிக்கு மாதக்கணக்கில் வருகிற வித்தியாசம் சந்திரனுக்கு நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ வரும். அதிலும் ஒரு நுணுக்கம் வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு கணக்கும் பெரும்பாலும் நெருங்கியே இருக்கும், ஏனென்றால் பழையவர்கள் கிரகணத்தை வைத்துத்தான் கணக்கைச் சரிபார்த்தார்கள். பாதிச் சந்திரன் இருக்கிற அஷ்டமிப் பக்கம் போகப் போக இடைவெளி விரியும், சந்திரனுடைய ஓட்டத்தில் அப்போது வருகிற சில திருத்தங்கள் பழைய கணக்கில் இல்லை. அவர் பிறந்தது வளர்பிறை அஷ்டமி. அஷ்டமியில் பிறந்தவர், நட்சத்திர முடிவை ஒட்டிப் பிறந்தவர் என்று இரண்டும் சேர்ந்தால் கட்டாயம் இரண்டு பஞ்சாங்கத்திலும் பார்த்துவிட வேண்டும். என்னுடையதையும் பார்த்தேன், நான் திருவாதிரை நடுவில் இருக்கிறேன், எந்தப் பஞ்சாங்கமும் என்னை அசைக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆசை வந்ததை மறைக்கவில்லை. வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, பூரட்டாதி என்று வாயை மூடிக்கொண்டு போய்விடலாமே? ஆனால் வகுப்பில் இத்தனை நாளும் மற்றவர் ஜாதகத்துக்கெல்லாம் திருக்கணிதம் போட்டுவிட்டு, நமக்குச் சாதகமாக வரவில்லை என்றதும் பஞ்சாங்கத்தை மாற்றினால் அது கணிதம் இல்லை, பேரம். வேறு ஏதாவது ஒன்று இரண்டில் எது என்று காட்டிக்கொடுக்குமா என்று தேடினேன். நடந்த சம்பவங்களைத் தசையோடு, அதாவது ஒவ்வொரு கிரகமும் வரிசையாக ஆளுகிற காலத்தோடு, ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம், அதற்கு அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், ரஜ்ஜு உட்பட. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நான் கோலாலம்பூர்ல பொறந்தேங்கறதையே அந்த ஜோசியருக்கு யாரும் அழுத்திச் சொல்லலையோ என்னமோ" என்றார். மறுநாள் அவருடைய ஆத்தாவிடம் கேட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். 5.20 என்றே இருந்தது. "ஒனக்குப் பயமா இருந்தா சொல்லு, நாள் தள்ளிக்கலாம், யார் என்ன சொன்னாலும் நான் பேசிக்கறேன்" என்றார். பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். இவ்வளவு நாள் ஏன் தனியாக வைத்துக்கொண்டிருந்தாய் என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

முதல் தசை பிறந்த நட்சத்திரத்தைப் பொறுத்தது, பூரட்டாதிக்குக் குரு, சதயத்துக்கு ராகு. தசைக் கணக்கு இப்படி வந்தது. நோட்டில் எழுதியிருந்தபடி குரு தசை இருப்பு 14 வருஷம். நேரத்தைத் திருத்தி வாக்கியப்படி போட்டால் குரு தசை இருப்பு 15 வருஷம் 8 மாதம். திருக்கணிதப்படி ராகு தசை ஏழரை மாதம் பாக்கி, அதற்குப் பிறகு குரு 16 வருஷம். ஆகச் சனி தசை தொடங்குவது நோட்டுப்படி 14 வயதில், வாக்கியப்படி 15 வயது 8 மாதத்தில், திருக்கணிதப்படி 16 வயது 7 மாதத்தில். அவர்கள் மலேசியாவில் கடையை மூடிவிட்டுத் தேவகோட்டைக்குத் திரும்பியது அவருடைய பதினாறாவது வயதில். குடும்பமே இடம் பெயர்ந்த, அவருடைய அப்பச்சிக்கு நஷ்டம் வந்த வருஷம். இது தசை மாற்றத்தை ஒட்டி வருகிற மாதிரியான சம்பவம்தான், நோட்டுக் கணக்கு இரண்டு வருஷம் விலகி நிற்கிறது. ஆனால் திருத்திய இரண்டு கணக்கில் எது? இரண்டுக்கும் அது சமதூரத்தில் நிற்கிறது. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நட்சத்திர எல்லையில் பிறந்தவருக்கு ஒரு பக்கம் முந்தின தசையின் வால், மறுபக்கம் அடுத்த தசையின் தலை, இரண்டையும் பிரிப்பது சில மாதங்கள்தான். பொருத்தத்தில் ரஜ்ஜு தலைகீழாக மாறும், வாழ்க்கைச் சம்பவத்தில் ஒன்றுமே மாறாது. இதைப் பார்த்த பிறகு என் பயம் பாதி குறைந்தது. ஆயுளையே தீர்மானிப்பதாகச் சொல்லும் ஒரு விதி, இரண்டு பஞ்சாங்கக்காரர்கள் ஒத்துப்போகாத ஒரு மணி இருபது நிமிடத்துக்குள் தொங்குகிறது. அன்றைக்கு அந்த நேரத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு நட்சத்திரம்.

வாத்தியாரிடம் முழுவதையும் கொண்டுபோய் வைத்தேன், யார் ஜாதகம் என்று சொல்லாமல். அவர் பார்த்த உடனே சிரித்துவிட்டார், தெரிந்துவிட்டது போல. "எல்லையில் விழுந்த நட்சத்திரத்துக்கு ரஜ்ஜு உண்டு என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதேம்மா. அந்த வீட்டில் தலைமுறையாக எந்தப் பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கிறார்களோ, அதில் இரண்டு பேருக்கும் போடு. அதோடு நிறுத்தாமல் ஏழாம் இடம், எட்டாம் இடம், இரண்டு பேருக்கும் தசை சந்திப்பு பார்" என்றார். எங்கள் இரண்டு வீட்டிலும் காது குத்தலிலிருந்து திவசம் வரைக்கும் வாக்கியம்தான். அப்படிப் பார்த்தால் பூரட்டாதி. ஏழாம் இடம் எட்டாம் இடமும் பார்த்தேன், திருத்திய லக்னத்துக்கு. பயப்பட ஒன்றும் இல்லை, துள்ளிக் குதிக்கவும் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அப்பச்சியிடம் நானே சொன்னேன். முதலில் 5,000 போனதற்குத்தான் கோபப்பட்டார். பிறகு குடும்ப ஜோசியரிடம் கூட்டிப்போனார். நேரப் பிழையைக் காட்டியதும் அவர் மறுக்கவில்லை, அந்த நோட்டு தன் கையெழுத்து இல்லை, இருந்தாலும் நாழிகையைத் தானும் சரிபார்த்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, துலா லக்னத்தில் புது ஜாதகம் எழுதிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. திருக்கணிதத்தில் சதயம் வருகிறதே என்றேன். "வருது, நான் என்ன பண்ணட்டும் ஆச்சி" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கிறது, சமையல்காரருக்குக் கொடுத்த முன்பணம் தப்பித்தது. சதயமாக இருந்துவிட்டால் என்ற நினைப்பு எப்போதாவது வருகிறது, வந்தால் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்களில் பர்மா, மலேயா, இலங்கை என்று பிறந்த இடம் இல்லாத ஜாதகக் கட்டே இருக்காது, அதனால் இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1இல்தான் எட்டு மணிக் கணக்குக்கு வந்தன. அதற்குச் சற்று முந்தைய வருஷங்களில் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னால். பர்மா நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். இலங்கைதான் ஏமாற்றும்: 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், அதே வருஷம் அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்கு வந்தார்கள். இந்த இடைப்பட்ட வருஷங்களில் கொழும்பில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போதுதான் வரன் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.